மூன்று ஷிப்டும் மூன்று செவிலியரும்

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் கூடுதல் பணியாளர் கேட்டு எழுதும் கடிதம் எளிதில் கிடப்பில் போய்விடும். 'வேலைப்பளு அதிகம், ஆள் போதவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தால் அது கிடப்பில் போவதில் வியப்பும் இல்லை. அதே வாசகத்தோடு மாவட்டத்தின் மற்ற நிலையங்களிலிருந்தும் கடிதம் வரும். யாருக்கு முதலில் கொடுப்பது என்று அதிகாரியால் முடிவு செய்ய முடியாது. அவர் தம் மேசையிலேயே சரிபார்க்கக்கூடிய கணக்கு ஒன்று கடிதத்தில் இருக்கவேண்டும். இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் தமிழகக் கிராமப்புற நிலையம் ஒன்றில் செவிலியர் கேட்பதை எடுத்துக்கொண்டால் இது தெளிவாக விளங்கும்.

அத்தகைய நிலையத்தில் மூன்று செவிலியர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு மூன்று ஷிப்ட், ஆளும் மூன்று, கணக்கு நேர் என்றுதான் காகிதத்தில் தோன்றும். ஆண்டுக்கு நிரப்பவேண்டிய ஷிப்ட் 1,095. ஒரு செவிலியர் ஆண்டில் எத்தனை ஷிப்ட் பார்க்க முடியும்? 365 நாளில் வார ஓய்வு 52 போகும். தற்செயல் விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு 30 போனால் மீதி 271. பயிற்சி, கூட்டம், காய்ச்சல் என்று 11 நாளைக் கழித்தால் 260. அரசு விடுமுறைகளைக் கழிக்கவே இல்லை. அவற்றையும் சேர்த்தால் இன்னும் குறையும். மூன்று பேரும் சேர்ந்து 780 ஷிப்ட்தான் தரமுடியும். ஆண்டுக்கு 315 ஷிப்டுக்கு ஆளில்லை, அதாவது வாரத்துக்கு ஆறு.

ஆனால் அந்த ஆறு ஷிப்டும் பதிவேட்டில் காலியாக இருக்காது. யாரோ ஒருவர் வார ஓய்வை விட்டுக்கொடுத்திருப்பார், அல்லது இரவுப் பணி முடிந்த கையோடு காலைப் பணியையும் பார்த்திருப்பார். பற்றாக்குறை மேலதிகாரியின் கண்ணில் படாமல் போவதற்கு இந்த 'டபுள் டூட்டி'யே காரணம். எனவே கடிதத்தோடு மூன்று மாதப் பணிப் பட்டியலின் நகலை இணைத்து, எடுக்காமல் போன ஓய்வு நாட்களையும் இரட்டைப் பணிகளையும் வட்டமிட்டுக் காட்டுவது, இரண்டு பக்கம் வருத்தத்தை எழுதுவதைவிடப் பயன் தரும்.

அடுத்து வருவது நோயாளிகள் எண்ணிக்கை. மாதம் 24 பிரசவம் என்று எழுதினால், 'நாளுக்கு ஒன்றுகூட இல்லையே' என்ற பதில்தான் வரும். சராசரியாகப் பார்த்தால் அது சரியும்கூட. ஆனால் பிரசவ வலி சராசரிக்குக் கட்டுப்பட்டு வருவதில்லை. மூன்று நாள் பிரசவ அறை பூட்டியே கிடக்கும். நாலாம் நாள் இரவு பதினொன்றுக்கு ஒருவரும் ஒன்றரைக்கு இன்னொருவரும் வருவார்கள். வலி முற்றியதிலிருந்து, குழந்தை பிறந்த பிறகான இரண்டு மணி நேரம் வரை, ஒரு தாய்க்குச் சுமார் எட்டு மணி நேரம் நெருங்கிய கவனிப்பு தேவை என்று கொள்வோம். மாதம் 24 பேரும் ஒழுங்கில்லாமல், இரவு பகல் எந்நேரத்திலும் வரக்கூடும் என்று நிகழ்தகவுக் கணக்குப் போட்டால், அவர்களில் ஏறத்தாழ பத்துப் பேரின் எட்டு மணி நேரம் இன்னொருவரின் எட்டு மணி நேரத்தோடு சிறிதாவது மோதும். சராசரி மறைத்துவிடும் உண்மை இதுதான்.

அதிகாரி நிகழ்தகவுக் கணக்கை நம்பவேண்டும் என்பதில்லை. பிரசவ அறைப் பதிவேட்டில் சேர்ந்த நேரமும் பிறந்த நேரமும் இருக்கின்றன. ஒரு தாளில் தேதிவாரியாக ஒவ்வொரு தாய்க்கும் ஒரு கோடு இழுத்தால், எத்தனை இடத்தில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன, அப்போது பணியில் எத்தனை செவிலியர் என்பது தெரிந்துவிடும். பிரசவமானவர்கள் இரண்டு நாள் வார்டில் இருப்பதையும் மறக்கக்கூடாது. 24 பேருக்கு 48 படுக்கை நாள்; எப்போது பார்த்தாலும் சராசரியாக ஒன்றரைத் தாய்க்கு மேல், அவர்களின் குழந்தைகளோடு, அதே ஒரு செவிலியரின் பொறுப்பில் இருப்பார்கள். பகலில் இவற்றோடு ஊசி போடும் வேலை வேறு.

கோடுகள் மோதும் அந்த நேரத்தில் என்ன ஆபத்து என்பதைத்தான் கடிதம் அடுத்துச் சொல்லவேண்டும். வலியில் இருப்பவருக்கு அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டு, பார்ட்டோகிராப் தாளில் குறிக்கவேண்டும். முக்கும் கட்டத்தில் இது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையாகும். பிரசவமானவருக்கு முதல் இரண்டு மணி நேரம், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாடி, இரத்த அழுத்தம், கருப்பை இறுகியிருக்கிறதா, இரத்தப் போக்கு எவ்வளவு என்று பார்க்கவேண்டும். முதல் தாய்க்குப் பிரசவமாகி அரை மணி ஆகியிருக்கையில் இரண்டாமவர் முக்கத் தொடங்கினால், ஒரே செவிலியர் இரண்டையும் செய்ய முடியாது. அவர் இரண்டாமவரிடம்தான் நிற்பார், நிற்கத்தான் வேண்டும். அந்த அரை மணியில் முதல் தாயின் கருப்பை தளர்ந்தால், இரத்தம் துணியில் ஊறுவதை யாரும் பார்க்கமாட்டார்கள். அரை லிட்டருக்கு மேல் போனாலே அது பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கு என்று கணக்கு. கடுமையாகி, சிகிச்சையும் கிடைக்காவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம். ஆக்ஸிடோசின் ஊசி அலமாரியில் இருந்தும், தேவையைக் கண்டறிய ஆள் இல்லாத நிலை இது.

இந்த ஆபத்து நெருங்குவதற்குப் பதிவேடுகளிலேயே அடையாளம் உண்டு. பார்ட்டோகிராப் முழுவதும் ஒரே மூச்சில் நிரப்பியதுபோல ஒரே அழுத்தத்தில் இருக்கும். அடுத்தடுத்த எட்டுக் கட்டத்திலும் 110/70 என்றே இருக்கும். செவிலியரின் நேர்மையைச் சந்தேகிக்குமுன், அந்த ஷிப்டில் அவர் தனியாக எத்தனை பேரைப் பார்த்தார் என்று கேட்பது நியாயம். இன்னொரு அடையாளம், மேல் சிகிச்சைக்கு அனுப்பும் பதிவேடு. இரவில் வருபவர்களில் அனுப்பப்படுவோர் விகிதம் பகலைவிடக் கணிசமாகக் கூடினால், காரணம் நோயிலா, ஆள் பற்றாக்குறையிலா என்று பார்க்கவேண்டும். தாயோடு செவிலியரும் 108 வண்டியில் ஏறினால், திரும்பும்வரை வார்டில் யாருமில்லை.

கோரிக்கை எத்தனை பேருக்கு என்பதையும் இதே கணக்கு சொல்லிவிடும். நான்கு பேர் இருந்தால் 1,040 ஷிப்ட். அப்போதும் 55 குறையும். ஐந்து பேர் என்றால் 1,300. மிஞ்சும் 205 ஷிப்டைக் கூட்டம் மிகும் இரவுகளுக்கு இரண்டாவது ஆளாக வைக்கலாம். இந்தியப் பொதுச் சுகாதாரத் தரநிலைகளின் 2012ஆம் ஆண்டுப் பதிப்பு, மாதம் 20 பிரசவமோ அதற்கு மேலோ நடக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான்கு செவிலியரைக் கட்டாயம் என்றும் ஐந்தை விரும்பத்தக்கது என்றும் வகுத்திருந்தது. இரண்டு பேர் வேண்டும் என்று கேட்கும் மருத்துவருக்கு அது துணை நிற்கும்.

கேட்கும் இடமும் முக்கியம். அனுமதிக்கப்பட்ட பணியிடம் காலியாக இருந்தால் அதை நிரப்பக் கேட்பது ஒன்று. புதிய பணியிடத்தை உருவாக்கக் கேட்பது வேறு. பின்னது கருத்துருவாக மாவட்டத்திலிருந்து இயக்குநரகம், தலைமைச் செயலகம், நிதித்துறை என்று ஏறி அரசாணையாக இறங்க நாளாகும். அதுவரை மாவட்ட நலவாழ்வுச் சங்கம் மூலம் ஒப்பந்த நியமனத்தைக் கேட்கலாம். பக்கத்து நிலையத்திலிருந்து மாற்றுப்பணியில் ஒருவரைக் கேட்பதுதான் சுலபமான வழியாகத் தெரியும். ஆனால் அங்கேயும் மூன்று பேர்தான் இருந்தால், குழி இடம் மாறுமே தவிர மூடாது. மாதம் இரண்டு மூன்று பிரசவம் மட்டுமே நடக்கும் நிலையத்திலிருந்து எடுப்பதென்றால், அங்கே இரவுப் பிரசவத்தை நிறுத்துவதா என்ற கேள்வியும் கூடவே எழும். அதற்கு விடை சொல்லவேண்டியவர் மாவட்ட அதிகாரி, மருத்துவர் அல்ல.

ஆள் வரும்வரை என்ன ஏற்பாடு என்பதையும் கடிதத்திலேயே எழுதிவிடுவது நல்லது: இரண்டு தாய்மார் ஒரே நேரத்தில் வலியில் இருந்தால் மருத்துவரை உடனே வரவழைப்பது, வந்து சேரும் வாய்ப்பு இல்லாத இரவில் இரண்டாமவரை வலி முற்றுமுன்பே அனுப்பிவைப்பது, அப்படி அனுப்பிய ஒவ்வொருவரையும் 'ஆளின்மை' என்ற காரணத்தோடு பதிவது. அடுத்த மாதக் கடிதத்துக்கு அந்தப் பதிவே இணைப்பாகும்.