கட்டம் போட்ட சட்டையில் முத்திரையை நீக்குவது

விளம்பரப் படத்தில் இருப்பவரின் சட்டையில் வேறொரு நிறுவனத்தின் முத்திரை தெரிந்தால், படம் அச்சுக்குப் போகுமுன் அதை நீக்கிவிடுவது வழக்கம். ஒரே நிறத் துணி என்றால் பக்கத்துத் துணியை எடுத்து மேலே பூசினால் போதும். கட்டம் போட்ட துணியில் அது நடக்காது. முத்திரையின் ஒருபுறம் மறையும் கோடு மறுபுறம் அதே நேரில் வெளிவர வேண்டும். கோடு சற்றே விலகினாலும் கண் அங்கேதான் போய் நிற்கும்.

போட்டோஷாப்பில் இந்த வேலையைத் தொடங்குமுன், கட்டம் எத்தனை பிக்சலுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று அளக்க வேண்டும். ஒரு சட்டையில் அது 40 பிக்சல், முத்திரை 90 பிக்சல் அகலம் என்று கொள்வோம். தையல் முத்திரை தன்னைச் சுற்றியுள்ள துணியையும் சுருக்கிவிடும். அதனால் இருபுறமும் 10 பிக்சல் கூட்டி, 110 பிக்சல் அகலத்தை Lasso கருவியால் சுற்றி வளைக்க வேண்டும். பிறகு அந்த வளையத்தை மட்டும் கோட்டின் போக்கிலேயே சுத்தமான துணிக்கு நகர்த்த வேண்டும். இரண்டு கட்டம், அதாவது 80 பிக்சல், நகர்த்தினால் முத்திரையின் ஒரு பகுதி உள்ளே வந்துவிடும். மூன்று கட்டம், 120 பிக்சல், நகர்த்தினால் தப்பிக்கலாம். அங்கே Ctrl+J அழுத்தினால் அந்தத் துண்டு தனி அடுக்காகும். அதை 120 பிக்சல் திருப்பி நகர்த்தினால் கோடுகள் பொருந்தும்.

உடம்பின் வளைவில் கட்டங்கள் சாய்ந்தும் குறுகியும் இருப்பதால், ஒரு பக்கம் பொருந்தினால் மறுபக்கம் விலகும். Warp கொண்டு மூலைகளை இழுத்து அதைச் சரிசெய்யலாம். துண்டின் ஓரத்தைக் கத்தரித்ததுபோல் விடாமல், மாஸ்க் போட்டு மென்மையான தூரிகையால் கரைக்க வேண்டும். Healing Brush அருகிலுள்ள நிறங்களைக் கலக்கிவிடும். அதனால் கோடுகள் மேல் அதை ஓட்டினால் அவை கலங்கிப் போகும். இழை அளவிலான சிறு குறைகளுக்கு Clone Stamp பொருத்தமானது.

கோடு சேர்ந்தபின் மிஞ்சுவது நிழல். எடுத்த துண்டு தான் இருந்த இடத்தின் வெளிச்சத்தைக் கொண்டுவரும். முத்திரைமேல் ஓடிய மடிப்போ அதில் இருக்காது. Soft Light முறையில் ஒரு புதிய அடுக்கு வைத்து, மடிப்பு மேலும் கீழும் தெரியும் இடங்களை இணைத்து, மங்கலான கறுப்பாலும் வெள்ளையாலும் அதை வரைய வேண்டும்.

வாசகம் மார்பு முழுவதும் பரவியிருந்தால் எடுப்பதற்குச் சுத்தமான துணியே இருக்காது. அப்போது அதே சட்டையை அதே வெளிச்சத்தில் பின்புறமாக எடுத்த படம் தேவைப்படும்.

முடிந்த வேலையை இருமுறை பார்க்க வேண்டும். 100 விழுக்காட்டு அளவில் பார்த்தால், ஒரே நூல் முடிச்சு இரண்டு இடத்தில் இருப்பது தெரியும். படத்தைச் சிறிதாக்கிப் பார்த்தால், நிழல் பொருந்தாத திட்டு தெரியும்.