பதின்வயதுக்கு நான்கு குறுநாவல்கள்

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தமிழ் நாவல் என்றால் எடுத்த எடுப்பிலேயே ஐந்து பாகச் சரித்திரக் கதையைக் கொடுத்துவிடுகிறோம். சிலர் முடிக்கிறார்கள், பலர் முதல் பாகத்தின் நடுவிலேயே நின்றுவிடுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் படித்து முடிக்கக்கூடிய, வீட்டையும் வளர்வதையும் பற்றிய சின்ன நாவல்கள் நம்மிடம் நிறைய உண்டு. அவற்றில் நான்கை, கொடுக்க வேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன்.

பன்னிரண்டு, பதிமூன்று வயதுக்குக் கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’. கரிசல் காட்டில் பறவைகள் பின்னால் சுற்றும் வெங்கடேசு என்ற சிறுவனின் கதை. பேச்சுமொழி புதிதாக இருந்தால் முதல் சில பக்கங்களை யாராவது வாய்விட்டுப் படித்துக் காட்டலாம். காது பழகிவிட்டால் பிறகு தடையே இல்லை.

அடுத்து, மலையாளத்திலிருந்து தமிழுக்கு வந்த வைக்கம் முகம்மது பஷீரின் ‘பாத்துமாவின் ஆடு’. 1959-இல் வெளிவந்த நூல். வருஷக்கணக்கில் ஊர் சுற்றிய எழுத்தாளர், அமைதியாக இருந்து எழுதலாம் என்று வீட்டுக்கு வருகிறார். அங்கே அம்மா, தம்பிகள், தங்கைகள், அவர்களுடைய குழந்தைகள், கோழி, பூனை என்று ஒரே கூட்டம். அவர் கையில் நாலு காசு இருக்கிறது என்று தெரிந்ததும் ஒவ்வொருவராகத் தனியே வந்து, மற்றவர்களுக்குத் தெரியாமல் கேட்கிறார்கள். தங்கை பாத்துமாவின் ஆடு அவர் எழுதிய புத்தகங்களையே தின்றுவிடுகிறது. ஏழை பாத்துமா நம்பியிருக்கும் அந்த ஆட்டின் பாலை வீட்டுப் பெண்களே அவளுக்குத் தெரியாமல் கறந்துகொள்கிறார்கள். படிக்கும் பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். கூடவே, சொந்தத் தங்கையிடமே பால் திருட வைக்கும் வறுமையும் அதன் கண்ணில் படும். பஷீர் அவர்களில் ஒருவரைக்கூடக் குற்றவாளியாக்கவில்லை. தன் வீட்டுச் சண்டைகளை நினைத்துக் கூச்சப்படும் வயதில் படிக்க இதைவிட நல்ல நூல் எனக்குத் தெரியவில்லை.

பதினைந்து தாண்டியவர்களுக்குப் பூமணியின் ‘வெக்கை’. 1982-இல் வந்தது. ‘அசுரன்’ படம் இதிலிருந்துதான் எடுக்கப்பட்டது. படம் பார்த்தாயிற்றே என்று ஒதுக்கிவிடக் கூடாது. படம் அப்பாவைச் சுற்றி நடக்கிறது. நாவல் பதினைந்து வயது சிதம்பரத்தின் கண் வழியே போகிறது. அண்ணனைக் கொன்றவனை அவன் வெட்டிவிட்டான், கதை அங்கேதான் தொடங்குகிறது. அதன் பிறகு அப்பனும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரியும் சில நாள்கள்தான் நாவல். எங்கே படுப்பது, எதைத் தின்பது, யாரை நம்புவது என்பதே ஒவ்வொரு நாளின் கவலை. மகன் செய்ததற்காக அப்பா அவனைத் திட்டித் தீர்ப்பதும் இல்லை, கொண்டாடுவதும் இல்லை. தன் இளமையில் நடந்தவற்றைச் சொல்கிறார், சமைத்ததைப் பகிர்ந்து போடுகிறார், அவன் தூங்கும்போது காவல் இருக்கிறார். சாதாரண நாள்களில் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்திருக்க வாய்ப்பில்லாத இருவர் அந்த ஓட்டத்தில்தான் ஒருவரையொருவர் தெரிந்துகொள்கிறார்கள். வன்முறை இருக்கிறது, ஆகவே சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். படித்து முடித்தவர்களிடம், அவன் செய்தது சரியா என்று கேட்டுப் பாருங்கள். பதிலைத் திருத்தாமல் கேட்க வேண்டும்.

கடைசியாக வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, 1977. ஒரு மீனவக் கிராமத்துப் பெண் பிலோமி. வல்லத்தையும் வீட்டையும் விற்றுப் பணம் கொடு என்று அண்ணன் செபஸ்தி அப்பாவை நெருக்குகிறான். அப்பா குரூஸ் மைக்கேலுக்கு அந்த வல்லம்தான் உயிர். ஊரில் லாஞ்சிக்காரர்களுக்கும் வல்லக்காரர்களுக்கும் பகை வேறு. பிலோமி நேசித்த சாமிதாஸுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடக்கிறது. அம்மா மரியம்மை இறந்துபோகிறாள். அம்மாவுக்கும் ஊர் வாத்திக்கும் இருந்த நட்பு மகளுக்குத் தெரியும். அம்மா போன பிறகு அதே வாத்தியிடம் பேசிப் பழகும்போதுதான், தன்னைப் பெற்றவளும் ஆசைகள் உள்ள ஒரு பெண் என்பதை அவளால் வெறுப்பில்லாமல் ஏற்க முடிகிறது. இந்த இடம் சில பெற்றோருக்குச் சங்கடமாக இருக்கும். பதினாறு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் பெற்றோரை அம்மா, அப்பா என்று மட்டுமே பார்க்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு தனி வாழ்க்கை இருந்திருக்கும் என்று இந்த நாவல் மிக மென்மையாகச் சொல்லித் தருகிறது. அதனாலேயே இதைப் பரிந்துரைக்கிறேன்.

இந்த நான்கும் பிடித்துப்போனவர்கள் அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ பக்கம் போகலாம். இந்திய விடுதலையை ஒட்டிய செகந்திராபாத், கிரிக்கெட் ஆடும் சந்திரசேகரன், ஊரைச் சூழும் கலவரம். அளவிலும் கனத்திலும் மற்றவற்றைவிடப் பெரியது. முடிவு ஒரு பெரியவரையே உலுக்கிவிடும். பதினேழு வயது ஆகட்டும்.

ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால் ‘கடல்புரத்தில்’ வாங்குங்கள். பிள்ளை படிப்பதற்கு முன் நீங்களும் ஒரு முறை படித்துவிடுங்கள்.