மாற்றுச்சீட்டும் கணக்கேடும்

பெங்களூருச் சிக்பேட்டையில் பட்டுச் சேலை வணிகம் செய்யும் தமிழர் ஒருவர், மைசூர்க் கடைக்காரருக்கு 40,000 ரூபாய்ச் சரக்கைக் கடனாக விற்றார் என்று கொள்வோம். மார்ச் 1 அன்று மூன்று மாதத் தவணைக்கு மாற்றுச்சீட்டு எழுதுகிறார். கடைக்காரர் ஒப்பமிட்டு ஏற்கிறார். 1881ஆம் ஆண்டின் சட்டம் மூன்று சலுகை நாட்களைத் தருவதால், பணம் செலுத்த வேண்டிய நாள் ஜூன் 4. அது பொது விடுமுறையாயின், அதற்கு முந்தைய வேலை நாள்.

சீட்டைப் பெற்றவுடன், பெறற்குரிய மாற்றுச்சீட்டுக் கணக்கில் 40,000 ரூபாய் பற்று. கடைக்காரர் கணக்கில் வரவு. தவணைவரை காத்திராமல், வணிகர் அன்றே வங்கியிடம் சீட்டைக் கொடுத்துப் பணம் பெறுகிறார். ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம், மூன்று மாதத்திற்கு 1,200 ரூபாயை வங்கி வட்டமாகக் கழித்துக்கொள்ளும். எனவே வங்கிக் கணக்கில் 38,800 ரூபாயும், வட்டக் கணக்கில் 1,200 ரூபாயும் பற்று. மாற்றுச்சீட்டுக் கணக்கில் 40,000 ரூபாய் வரவு.

ஏட்டிலிருந்து சீட்டு மறைந்தது; பொறுப்போ மறையவில்லை. கடைக்காரர் பணம் தராவிடில், எழுதியவரே வங்கிக்கு விடை சொல்ல வேண்டும். ஆகையால் தவணைக்கு முன் ஐந்தொகை தயாரித்தால், இத்தொகையை நேரக்கூடிய பொறுப்பாக அடிக்குறிப்பில் காட்டுதல் வேண்டும்.

ஜூன் 4 அன்று கடைக்காரர் பணம் தர மறுத்தார். நோட்டரி அதனைச் சீட்டில் குறித்தார். அதற்குச் செலவு 200 ரூபாய். வங்கி 40,200 ரூபாயை வணிகர் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டது. இப்போது கடைக்காரர் கணக்கில் 40,200 பற்று. வங்கிக் கணக்கில் 40,200 வரவு. பலர் தவறுவது இவ்விடத்திலேதான். மாற்றுச்சீட்டுக் கணக்கை மீண்டும் வரவு வைத்துவிடுகிறார்கள். கையில் இல்லாத சீட்டு இரண்டாம் முறை குறைய, அக்கணக்கில் வரவு இருப்பு நிற்கும். வங்கி ஏடும் நம் ஏடும் ஒவ்வா. இவ்விரண்டும் பிழையின் அடையாளங்கள். முன்னர்க் கழித்த 1,200 ரூபாய் வட்டமோ நம் செலவாகவே நிற்கும். அதைக் கடைக்காரர் மேல் எழுதுவதற்கில்லை.

பின்னர் கடைக்காரர் 10,200 ரூபாயை ரொக்கமாகத் தந்து, மீதி 30,000 ரூபாய்க்கு இரண்டு மாதத் தவணை கேட்டார். அதே வீதத்தில் வட்டி 600 ரூபாய். முதலில் அவர் கணக்கில் 600 பற்று. வட்டிக் கணக்கில் வரவு. அவர் கடன் 40,800 ரூபாயாகிறது. பின் ரொக்கக் கணக்கில் 10,200, மாற்றுச்சீட்டுக் கணக்கில் புதுச் சீட்டுக்கு 30,600 பற்று. அவர் கணக்கில் 40,800 வரவு. கணக்கு நேராகிறது.

புதுச் சீட்டில் அவர் ஒப்பமிடும் அந்த வேளையிலேயே, வங்கி திருப்பித் தந்த பழைய சீட்டை அவர் முன்னிலையில் இரத்து செய்துவிட வேண்டும். இல்லையேல் ஒரே கடனுக்கு இரண்டு சீட்டுகள் உயிரோடிருக்கும். அடுத்த வழக்குக்கு அதுவே வித்தாகும்.