பாட்டியின் பங்கு அகப்பக்கத்தில் தெரியுமா?

கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் புதிய அகப்பக்கத்தை அறிமுகப்படுத்தும் செயலாளர், பெரும்பாலும் அதன் அழகைப் பற்றித்தான் பேசுவார். மண்டபத்தில் இருப்பவர்களுக்கு வேண்டியது வேறு. அம்மா சேர்த்த பங்கு இன்னும் இருக்கிறதா? ஈவுத்தொகை யார் பெயரில் போகிறது?

கெடாவில் இது வெறும் கேள்வி அல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் அது வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். அன்று பங்கு வாங்கியவர்களில் பலர் இன்று இல்லை. பிள்ளைகளோ சுங்கைப்பட்டாணியிலும் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள்.

எந்தச் சங்கமானாலும், இப்படிப்பட்ட பழைய பதிவேட்டை அகப்பக்கத்தில் ஏற்றும்போது முதல் சிக்கல் அடையாள அட்டை எண்தான். இன்றைய எண் 12 இலக்கம். முதல் ஆறும் பிறந்த தேதி, அடுத்த இரண்டும் பிறந்த இடம், கெடாவுக்கு 02. இந்த முறை 1990இல் வந்தது. அதற்கு முந்திய அட்டையில் ஏழு இலக்க எண்தான் இருந்தது. பங்குச் சான்றிதழிலும் அதுவே இருக்கும்.

ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். 1965இல் சேர்ந்தவர். பேரன் கைப்பேசியில் 12 இலக்கத்தைத் தட்டுகிறான். 'பதிவு இல்லை' என்று வருகிறது. பங்கு தொலைந்துவிட்டது என்று பாட்டி கலங்குகிறார். உண்மையில் பங்கு அப்படியே இருக்கிறது. அது பழைய எண்ணின் கீழ் கிடக்கிறது. பெயரை வைத்துத் தேடினாலும் சிரமம்தான். அட்டையில் Letchumy, பதிவேட்டில் Letchimi. அன்றைய கிராணி காதில் விழுந்தபடி எழுதியது!

ஆகவே செயலாளர் மேடையில் சொல்ல வேண்டியது இதுதான்: "உங்கள் பெயர் வரவில்லை என்றால் பங்கு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பழைய எண்ணைப் போட்டுப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் பங்குச் சான்றிதழையோ பழைய எண் உள்ள திருமணப் பத்திரத்தையோ அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள்; இரண்டு எண்களையும் இணைத்துவிடுகிறோம்."

அதோடு கைப்பேசி விஷயத்தையும் அவர் சொல்லிவிட வேண்டும். பாட்டியின் கணக்கில் மகனுடைய எண்ணைப் பதிந்தால், உள்ளே நுழைவதற்கான டேக் எண் மகனுக்குத்தான் போகும். அவர் எண்ணை மாற்றிவிட்டால் பாட்டி வெளியே நிற்க வேண்டியதுதான். அந்த டேக் எண்ணை அலுவலகம் என்று சொல்லி யாராவது கேட்டால் கொடுக்கவே கூடாது. வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பை அழுத்துவதைவிட, கூட்டத்தில் கொடுத்த அறிக்கையில் அச்சான முகவரியைப் பார்த்துத் தட்டுவதே பத்திரம்.

இறந்தவரின் பங்கை அகப்பக்கம் தானாக மாற்றித் தராது. யாரை வாரிசாக நியமித்தார் என்ற பாரம் கோப்பில் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பாட்டி உயிரோடு இருக்கும்போதே கேட்பதுதான் பேரனுக்குச் சுலபம்.