ஃபைல் வந்தது, உள்ளே ஒன்றுமில்லை

‘ஃபைல் ஓப்பன் ஆகவில்லை, திரும்ப அனுப்பவும்.’ அலுவலகங்களில் தினமும் பறக்கும் இந்த ஒற்றை வரி மெயில் பாதி நேரம் வேலைக்கு ஆவதில்லை. படித்தவர் முன்பு எதை இணைத்தாரோ அதையே மறுபடி இணைத்து அனுப்புவார். அதுவும் திறக்காது. கோளாறு என்னவென்று அவருக்கு யாரும் சொல்லவில்லையே!

மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவு என்று வைத்துக்கொள்வோம். கிளையிலிருந்து மார்ச் மாத ஸ்டாக் பட்டியல் வர வேண்டும். மெயில் வந்துவிட்டது, இணைப்பும் இருக்கிறது. திறக்கப் போனால், ஃபைலின் வடிவம் சரியில்லை என்று எக்செல் மறுக்கிறது. வைரஸோ, நெட் கோளாறோ என்று பதறுவதற்கு முன் இணைப்பின் பெயரைப் பாருங்கள். `~$stock_march.xlsx` என்றிருக்கிறது. அளவு 165 பைட். நூற்றுக்கணக்கான வரிகள் உள்ள பட்டியல் இவ்வளவு சிறிதாக இருக்க வழியே இல்லை.

பெயரின் தொடக்கத்தில் நிற்கும் அந்த `~$` தான் துப்பு. எக்செல்லில் ஒரு ஃபைலைத் திறந்ததும், அது யார் கையில் இருக்கிறது என்று குறித்துவைக்க, அதே ஃபோல்டரில் ஒரு குட்டி ஃபைல் தானாக உருவாகும். எக்செல்லை மூடினால் தானாகவே அழிந்தும் போகும். சாதாரணமாக அது கண்ணில் படாது. மறைந்த ஃபைல்களையும் காட்டும்படி அமைத்த கம்ப்யூட்டரில் மட்டும் அசல் ஃபைலுக்குப் பக்கத்திலேயே தெரியும். கிளையில் இருப்பவர் பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டே, அவசரத்தில் அசலுக்குப் பதில் அந்தக் குட்டியை இணைத்துவிட்டார். ஆக, பதில் மெயில் இப்படிப் போக வேண்டும்:

‘வணக்கம் மேடம். மார்ச் ஸ்டாக் பட்டியல் என்று இன்று காலை 11.20-க்கு வந்த மெயிலில் `~$stock_march.xlsx` என்ற ஃபைல் மட்டும் இருக்கிறது. அளவு 165 பைட், எக்செல்லில் திறக்கவில்லை. அது எக்செல் தானாக உருவாக்கும் தற்காலிக ஃபைல் போலத் தெரிகிறது. பட்டியலை சேமித்து, எக்செல்லை மூடிவிட்டு, `stock_march.xlsx` என்ற ஃபைலை இணைத்து அனுப்ப முடியுமா? மாலை 4 மணிக்குள் கிடைத்தால் இன்றைக்கே கணக்கில் ஏற்றிவிடுவேன். நன்றி.’

ஃபைலின் பெயர், அளவு, திறந்தால் நடப்பது என்ற மூன்றும் இதில் வந்துவிட்டன. இவற்றை எழுதியே ஆக வேண்டும். ஏனென்றால் நீங்கள் ‘ரிப்ளை’ அழுத்தும்போது பழைய இணைப்பு கூடப் போகாது. ‘ஃபார்வர்ட்’ செய்தால்தான் போகும். உங்கள் திரையில் இருப்பது அவருக்குத் தெரியாது. இணைப்பே இல்லாமல் வரும் பல மெயில்களுக்கும் இதுதான் காரணம். ‘கீழே இருக்கிறதே’ என்ற நம்பிக்கையில் பழைய மெயிலுக்கு ரிப்ளை போட்டு, இன்னொருவரையும் சேர்த்திருப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு எழுத்து மட்டும் வந்திருக்கும்.

இணைத்த ஃபைலுக்குப் பதில் `winmail.dat` என்று ஒன்று வந்தால் கதை வேறு. அங்கே அனுப்பியவர் சரியான ஃபைலைத்தான் இணைத்திருக்கிறார். அவருடைய அவுட்லுக், ‘ரிச் டெக்ஸ்ட்’ முறையில் மெயிலையும் இணைப்பையும் ஒரே பொதியாகக் கட்டி அனுப்பியிருக்கிறது. அதைப் பிரிக்கத் தெரியாத மெயில் சேவைகள் பொதியை அப்படியே உங்கள் முன் போட்டுவிடும். எத்தனை முறை திரும்ப அனுப்பினாலும் அதேதான் வரும். ‘அவுட்லுக்கில் மெயில் வடிவத்தை HTML என்று மாற்றி அனுப்புங்கள்’ என்று ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது.

அளவு 0 என்று காட்டும் ஃபைலில் பெயரைத் தவிர எதுவும் இல்லை. காப்பி ஆகும்போது பாதியில் நின்றிருக்கலாம், அல்லது புதிதாக உருவாக்கிய காலி ஃபைலாக இருக்கலாம். இந்த இடத்தில் அனுப்பியவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அவருடைய ‘சென்ட்’ பகுதிக்குப் போய், அனுப்பிய மெயிலில் உள்ள இணைப்பைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் காலியென்றால் இணைத்ததே காலி ஃபைல். அங்கே சரியாகத் திறந்தால் கோளாறு வழியில் எங்கோ இருக்கிறது. டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்பச் சொல்லலாம்.

எழுதுவதற்கு முன் நம் பக்கமும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மொபைலில் திறக்காதது கம்ப்யூட்டரில் திறக்கும். பாதியில் நின்ற டவுன்லோடு மறுமுறை முழுதாக இறங்கும். இதைச் செய்யாமல் மெயில் போட்டுவிட்டு, பிறகு ‘சாரி மேடம், இருக்கிறது’ என்று எழுதினால், அடுத்த முறை உண்மையாகவே காலியாக வரும்போது யாரும் அவசரப்பட மாட்டார்கள். மேலாளர் முதல் டிரைவர் வரை எல்லோருக்கும் ‘ரிப்ளை ஆல்’ போட்டு இதைக் கேட்பதும் வேண்டாம். சரியான ஃபைல் வந்ததும் திறந்து பார்த்து, ‘கிடைத்தது, திறக்கிறது’ என்று மறக்காமல் ஒரு வரி போட்டுவிடுங்கள். அனுப்பியவர் அதற்காகத்தான் காத்திருப்பார்.