ஓடி வட்டி: ஒவ்வொரு இரவும் ஒரு கணக்கு

வங்கியில் ஐந்து லட்ச ரூபாய் ஓவர்டிராஃப்ட் லிமிட் வாங்கியிருக்கும் பலர், ஐந்து லட்சத்துக்கும் வட்டி ஓடுவதாக நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எடுத்த பணத்துக்கு மட்டும், அது கணக்கில் பற்றாக நின்ற நாட்களுக்கு மட்டும்தான் வட்டி. ஒவ்வொரு நாளும் வங்கி கணக்கை முடிக்கும்போது எவ்வளவு பற்று நிற்கிறதோ, அதுதான் அன்றைய வட்டிக்கு அடிப்படை. பகலில் பணம் எத்தனை முறை போய் வந்தாலும் கணக்கில்லை.

திருப்பூரில் பனியன் தைத்துக் கொடுக்கும் ஒரு சிறிய யூனிட்டை எடுத்துக்கொள்வோம். லிமிட் ஐந்து லட்சம். கணக்கு சுலபமாக வருவதற்காக, வட்டி ஆண்டுக்கு 10.95 சதவீதம் என்று வைப்போம். அதை 365 நாளால் வகுத்தால், ஒரு லட்சத்துக்கு ஒரு நாளைக்குச் சரியாக 30 ரூபாய்.

மாதம் திங்கட்கிழமை பிறக்கிறது. அன்று துணி வாங்கியதில் பற்று இரண்டு லட்சம். வெள்ளி வரை ஐந்து நாட்களும் அப்படியே நிற்கிறது. நாளுக்கு 60 ரூபாய் வீதம் 300 ரூபாய். சனிக்கிழமை வாரச் சம்பளம் 80,000 போகிறது. பற்று 2,80,000 ஆகிறது. சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாட்களுக்கு 84 ரூபாய் வீதம் 252 ரூபாய். வங்கிக்கு ஞாயிறு விடுமுறை. வட்டிக்கு விடுமுறை கிடையாது.

செவ்வாய்க்கிழமை, 9-ஆம் தேதி, வாடிக்கையாளரின் ஒன்றரை லட்சம் வரவாகிறது. பற்று 1,30,000 ஆகக் குறைந்து வெள்ளி வரை நான்கு நாட்கள் நிற்கிறது. 39 ரூபாய் வீதம் 156 ரூபாய். 13-ஆம் தேதி சனிக்கிழமை மறுபடியும் 80,000 சம்பளம். பற்று 2,10,000. அன்றும் மறுநாளும் சேர்த்து 126 ரூபாய். ஆக, பதினான்கு நாட்களுக்கு மொத்த வட்டி 834 ரூபாய். இதே ஐந்து லட்சத்தைக் கடனாக மொத்தமாக வாங்கி வைத்திருந்தால் 2,100 ரூபாய் ஆகியிருக்கும்.

இப்போது அந்த ஒன்றரை லட்சத்தைக் கவனியுங்கள். வாடிக்கையாளர் செக்கை வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட்டார். அது இரண்டு நாள் மேசை டிராயரில் கிடந்து, திங்கட்கிழமை வங்கிக்குப் போய், செவ்வாய்க்கிழமை பாஸ் ஆனது. செக் கையில் இருப்பதால் வட்டி நிற்காது. பணம் கணக்கில் ஏறினால்தான் நிற்கும். செக்குக்குப் பதில் வெள்ளிக்கிழமையே நெஃப்டில் அனுப்பச் சொல்லியிருந்தால் நான்கு நாட்கள் மிச்சம். நாளுக்கு 45 ரூபாய் வீதம் 180 ரூபாய். மொத்த வட்டியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்! 2019 டிசம்பர் முதல் நெஃப்ட் வசதி இரவு பகல், விடுமுறை என்று பாராமல் இயங்குகிறது. அதனால் சனிக்கிழமை மாலை வந்தாலும் திங்கள் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. ஓடி கணக்கில் பற்று நிற்கும்போதே, இன்னொரு வங்கியின் நடப்புக் கணக்கில் ஒரு லட்சத்தைச் சும்மா விட்டு வைப்பது. நடப்புக் கணக்கு வட்டி தராது. அங்கே தூங்கும் ஒவ்வொரு லட்சத்துக்கும் இங்கே தினமும் 30 ரூபாய் போகிறது. வரும் பணம் எல்லாம் அன்றே ஓடி கணக்குக்கு வரட்டும். தேவைப்படும் நாளில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

தினமும் கணக்கிடும் வட்டியை வங்கி பொதுவாக மாதக் கடைசியில்தான் பற்று வைக்கிறது. வைத்ததும் அதுவும் பற்றோடு சேர்ந்துவிடுகிறது. கட்டாமல் விட்டால் அதற்கும் வட்டி ஓடும். தொகை சரியா என்று பார்க்க ஸ்டேட்மென்ட்டும் கால்குலேட்டரும் போதும். ஒவ்வொரு தேதியிலும் கடைசி வரியில் நிற்கும் பற்றை எழுதுங்கள். எல்லாவற்றையும் கூட்டி, வட்டி விகிதத்தால் பெருக்கி, 36,500-ஆல் வகுங்கள்.

விடை வங்கி பிடித்ததோடு பெரிதாக ஒத்துப்போகவில்லையா? முதலில், மாத நடுவில் விகிதம் மாறியதா என்று கேளுங்கள். சிறு தொழில்களுக்கான மாறும் வட்டிக் கடன்கள் 2019 அக்டோபர் முதல் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்படுவதால் இது நடக்கும். அடுத்து, சரக்கு ஸ்டேட்மென்ட் கொடுக்கத் தாமதமானதற்கு அபராதம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ரிசர்வ் வங்கி 2023-இல் விதித்த விதிப்படி அபராதத்தை வட்டி விகிதத்தோடு சேர்த்து ஏற்றக் கூடாது. தனிக் கட்டணமாகத்தான் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால், உங்கள் தேதிவாரிக் கணக்கை இணைத்துக் கிளை மேலாளரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.