ஒருவருக்கு மூவாயிரம், நால்வருக்கு நாலாயிரம்

போன மாதம் என் தங்கை வீட்டுக்காரர் தூத்துக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போக விமான டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அவர், தங்கை, கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். நாலு பேர் என்று போட்டதும் தலைக்கு 4,000 ரூபாய் என்று வந்தது.

"காலையில ஆபீஸ்ல எனக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன் மச்சான், 3,000தான் இருந்துச்சு. திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்னு தெரிஞ்சு ஏத்திட்டான்" என்றார்.

"இப்பவும் ஒருத்தர்னே போட்டுப் பாருங்க மாப்பிள்ளை" என்றேன். 3,000 வந்தது. இரண்டு பேருக்கும் தலைக்கு 3,000. மூன்று என்று மாற்றியதும் 4,000. யாரும் அவரை உளவு பார்த்து விலை ஏற்றவில்லை. மூவாயிரம் ரூபாய்க்கு விற்க அந்த விமானத்தில் இரண்டே சீட் மிச்சம் இருந்தது, அவ்வளவுதான்.

தூத்துக்குடி, சேலம் மாதிரியான ஊர்களுக்குப் பறக்கும் ஏடிஆர் ரக விமானத்தில் எழுபதுக்கு மேல் சில சீட்கள் இருக்கும். எல்லாம் ஒரே மாதிரி முழங்கால் இடிக்கிற சீட்தான். ஆனால் விற்பனைக் கணினியில் அவை பல விலை அடுக்குகளாகக் கிடக்கின்றன. துறையில் இருப்பவர்கள் இதை 'பக்கெட்' என்பார்கள். ஒவ்வொரு பக்கெட்டுக்கும் ஓர் ஆங்கில எழுத்து, ஒரு நிலையான விலை, இத்தனை சீட் வரை விற்கலாம் என்று ஓர் அளவு. மூவாயிரம் அடுக்கு தீர்ந்தால் நாலாயிரம், அது தீர்ந்தால் ஐயாயிரத்து ஐந்நூறு, பிறகு எட்டாயிரம். கணினி விலையைப் புதிதாகக் கண்டுபிடிப்பதில்லை. முன்பே எழுதி வைத்த விலைகளில் எதைத் திறப்பது, எதை மூடுவது என்றுதான் முடிவு செய்கிறது. விலை வழுக்கிக்கொண்டு ஏறாமல் படிப்படியாகத் தாவுவது இதனால்தான்.

நாலு பேரையும் ஒரே டிக்கெட்டில் கேட்டால், பெரும்பாலான கணினிகள் நாலு சீட்டும் சேர்ந்து கிடைக்கும் அடுக்கைத் தேடும். மூவாயிரத்தில் இரண்டுதான் இருக்கிறது என்றால், அந்த இரண்டையும் விட்டுவிட்டு நாலு பேரையும் நாலாயிரத்துக்கு ஏற்றிவிடும். மொத்தம் 16,000. மாப்பிள்ளை இரண்டு இரண்டாகப் பிரித்துப் போட்டார்: 6,000, பிறகு 8,000, ஆக 14,000. மிச்சம் 2,000 ரூபாய். ஆனால் இப்படிப் பிரித்தால் இரண்டு பி.என்.ஆர். ஆகிவிடும். விமானம் ரத்தானால் பாதிப் பேரைக் காலை விமானத்திலும் பாதிப் பேரை மறுநாளும் மாற்றிவிட வாய்ப்புண்டு. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம். இறங்கினாலும், பிள்ளை இருக்கும் டிக்கெட்டில் பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

மலிவு அடுக்கில் எத்தனை சீட் வைப்பது என்று முடிவாகும் இடம்தான் இதில் எனக்குப் பிடித்தது. 1972இல் பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தில் இருந்த கென் லிட்டில்வுட் இதற்கு ஒரு விதி சொன்னார். கவுன்டரில் ஒருவர் 3,000 ரூபாயை நீட்டுகிறார். கடைசி நாளில் ஓடி வருபவர் 8,000 கொடுப்பார். அவருக்காக இந்தச் சீட்டை வைத்திருப்பதா, இப்போதே விற்பதா? எட்டாயிரத்தில் மூவாயிரம் என்பது 37.5 சதவீதம். எட்டாயிரக்காரர் வர நூற்றுக்கு 38 வாய்ப்பு இருந்தாலே போதும், மூவாயிரத்தைத் திருப்பி அனுப்புவதுதான் நிறுவனத்துக்கு லாபம். அதாவது, அந்தச் சீட் பாதிக்கு மேற்பட்ட தடவை காலியாகவே பறந்தாலும் கணக்கு இடிக்காது. "சீட் காலியாத்தானே போகுது, குறைச்சுக் கொடுத்தா என்ன?" என்று நாம் கேட்பதற்கு இதுதான் பதில்.

நம் ரயில்வேயும் 2016 செப்டம்பரில் ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் படிக்கட்டு வைத்தது. ஒவ்வொரு 10 சதவீத இடம் விற்றதும் அடிப்படைக் கட்டணத்தில் 10 சதவீதம் ஏறும், ஓர் உச்ச வரம்பு வரை. அந்தப் படிகள் எல்லாருக்கும் தெரிந்தவை, விற்பனையை ஒட்டி ஏறுபவை. விமானத்தில் படிகள் இறங்கவும் செய்யும். புறப்பட இத்தனை நாள் இருக்கும்போது இத்தனை சீட் விற்றிருக்க வேண்டும் என்று பழைய பயணங்களை வைத்து ஒரு கோடு போட்டு வைத்திருப்பார்கள். விற்பனை கோட்டுக்குக் கீழே போனால் மூடிய மலிவு அடுக்கைத் திரும்பத் திறப்பார்கள். மொத்தமாக எடுத்து வைத்த குழு டிக்கெட்டுகள் திரும்பி வந்தாலும் விலை இறங்கும். இதே போல, யாரோ ஒருவர் பணம் கட்டும் பக்கம் வரை போய், ஓ.டி.பி. வராமல் தவித்துக்கொண்டிருக்கும் சில நிமிடங்கள் அவருடைய சீட் பிடித்து வைக்கப்படலாம். அந்த நேரத்தில் பார்ப்பவருக்கு விலை ஏறியது போலத் தெரியும். மாப்பிள்ளையின் உளவுச் சந்தேகங்கள் பலவற்றுக்கும் விடை இங்கேதான் இருக்கும்.

அப்படியானால் எப்போது வாங்குவது? செவ்வாய், புதன்கிழமை அகால நேரத்துக்கு வாங்கினால் சல்லிசு என்பதையெல்லாம் நான் நம்புவதில்லை. நான் பார்ப்பது இரண்டு விஷயங்கள். முதலாவது, இன்று திரையில் உள்ள விலை எந்தப் படியில் நிற்கிறது. அதே வழித்தடத்தில் இரண்டு மாதம் தள்ளி, விசேஷம் எதுவும் இல்லாத ஒரு புதன்கிழமைக்குப் போட்டுப் பாருங்கள். அநேகமாக அதுதான் அடிப்படி. ஒவ்வொரு வழித்தடத்துக்கும் உள்ள கட்டணப் பட்டியலை நிறுவனங்கள் தங்கள் தளத்தில் போட வேண்டும் என்று டிஜிசிஏ சொல்லியிருக்கிறது. தேடி எடுத்தால் மேல்படிகளின் உயரமும் தெரியும். நீங்கள் பார்க்கும் விலை அடிப்படியிலேயே இருந்தால் காத்திருந்து என்ன கிடைக்கும்? இறங்க இடமில்லை, ஏறத்தான் இடம். உடனே வாங்கிவிடலாம். மூன்றாவது படியில் இருந்து, பயணத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்து, அதே நாளில் வேறு விமானங்களும் காலியாக இருந்தால், பொறுத்துப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. இரண்டு வாரத்துக்குள் வந்துவிட்டால் பொறுமைக்குப் பெரும்பாலும் பலன் இல்லை. புறப்பட 14 நாள், 7 நாள் என்று தேதி வைத்து, சீட் மிச்சமிருந்தாலும் மலிவு அடுக்குகளை மூடிவிடும் வழக்கம் பல நிறுவனங்களில் இருக்கிறது.

இரண்டாவது, அந்த விமானத்தில் கூட யார் வருவார்கள் என்பது. திங்கட்கிழமை காலை சென்னை–மும்பை விமானத்தில் கம்பெனிக் காசில் போகிறவர்கள் கடைசி நாளிலும் வருவார்கள். அங்கே எட்டாயிரக்காரர் வரும் வாய்ப்பு 38ஐ எப்போதோ தாண்டியிருக்கும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு நாள் சென்னையிலிருந்து தெற்கே போகும் விமானங்களில் மலிவு அடுக்கைத் திறக்கவே மாட்டார்கள், திறந்தாலும் பேருக்குத்தான். அது இறங்கும் என்று காத்திருப்பது வீண். அதே நாட்களில் தெற்கிலிருந்து சென்னைக்கு வரும் விமானமோ காலியாக இருக்கும். அங்கே அவசரப்பட வேண்டியதில்லை.

மாப்பிள்ளையின் திரும்பும் டிக்கெட் இந்தக் கடைசி வகை இல்லை. ஞாயிறு முகூர்த்தம், மறுநாள் எல்லாருக்கும் ஆபீஸ். ஒருவர் என்று போட்டார், 8,000. நாலு பேர் என்று போட்டார், அப்போதும் 8,000. மேல்படியில் சீட் தாராளமாக இருந்தது, கீழ்படிகள் மூடிக் கிடந்தன. அதே வாரம் புதன்கிழமைக்குப் போட்டால் 3,000. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முத்துநகர் எக்ஸ்பிரஸில் நாலு பெர்த் கிடைக்குமா என்று ஐ.ஆர்.சி.டி.சி.யைத் திறந்தார்.